கறுப்புத் திரையும் இரண்டு ஊசிகளும்

கணினி உயிருடன் இருக்கிறதா இல்லையா என்பதைத் திரையைப் பார்த்தே தீர்மானிக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. திரையில் ஏதாவது தெரிந்தால் உயிர் இருக்கிறது. எதுவும் தெரியாவிட்டால் கதை முடிந்தது. திருத்துநர்களிலும் சிலர் இந்த முடிவுக்கு மிக விரைவாக வந்துவிடுகிறார்கள். "தாய்ப்பலகை போய்விட்டது, புதியது போட வேண்டும்" என்ற தீர்ப்பைக் கேட்டு, நல்ல பலகையைக் கழித்துவிட்டுப் புதியதற்குப் பணம் கொடுத்தவர்கள் எத்தனை பேரோ!

உண்மையில் திரை கறுப்பாக இருப்பதற்குரிய காரணங்களில் ஒன்று மிக எளிமையானது. கணினியின் ஆரம்ப அமைப்புகளில் யாரோ ஒரு தெரிவை மாற்றியிருப்பார்கள். அந்தத் தெரிவு திரையையே அணைத்திருக்கும். திரை இல்லாததால் அந்தத் தெரிவைத் திருப்பி மாற்றவும் முடியாது. சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைப் பூட்டியது போன்ற நிலை இது. ஆனால் இந்த வீட்டுக்கு ஒரு பின்கதவு உண்டு. அண்மையில் நேரில் கண்ட ஒரு சம்பவத்தின் துணையோடு அந்தப் பின்கதவைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன்.

என்னோடு பத்திரிகை அலுவலகத்தில் நீண்டகாலம் பணியாற்றிய ஒப்புநோக்காளர் ஒருவர் வெள்ளவத்தையில் வசிக்கிறார். வயதில் என்னைவிட மூத்தவர் என்பதால் அவரை அண்ணை என்றே அழைப்பேன். ஓய்வு பெற்றபின் அவர் தமது அச்சுக்கூட நினைவுகளைக் கணினியில் எழுதி வருகிறார். ஈய எழுத்துக்களைக் கோத்த காலம் முதல் பக்கங்களைக் கணினியில் வடிவமைத்த காலம் வரையிலான ஒரு தலைமுறையின் கதை அது. ஏறத்தாழ இருநூறு பக்கங்கள் ஆகியிருந்தன. எல்லாம் அந்த ஒரு கணினிக்குள்ளேயே இருந்தன. வேறு பிரதி கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைபேசியில் அழைத்தார். குரலில் பதற்றம் தெரிந்தது.

"தம்பி, கொம்பியூட்டர் போட்டுது. திரையிலே ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லை. கடையிலே கொண்டுபோய்க் காட்டினோம். தாய்ப்பலகை செத்துப்போச்சாம். இருநூறு பக்கமும் போட்டுதோ?"

"அவசரப்பட்டு ஒன்றும் மாற்ற வேண்டாம் அண்ணை. அதை வீட்டுக்குக் கொண்டு வந்து வையுங்கோ. நான் வாறன்" என்றேன்.

பிற்பகலில் போனேன். கணினியைப் பார்ப்பதற்கு முன்னர் என்ன நடந்தது என்று விசாரித்தேன். ஒரு நிருபருக்குரிய பழக்கம் அது. இங்கே அதுவே பாதி வேலையை முடித்துவிட்டது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. அதனால் கணினியை விண்டோஸ் 11க்கு மாற்றிவிட வேண்டும் என்று அண்ணையின் பெறாமகன் விரும்பியிருக்கிறான். கெட்டிக்காரப் பையன், உயர்தர வகுப்பில் படிக்கிறான். விண்டோஸ் 11க்கு Secure Boot என்ற வசதி வேண்டும் என்பதையும், அந்த வசதியை இயக்க வேண்டுமானால் ஆரம்ப அமைப்புகளில் CSM என்ற தெரிவை நிறுத்த வேண்டும் என்பதையும் அறிந்திருக்கிறான். சனிக்கிழமை இரவு அந்தத் தெரிவை Disabled என்று மாற்றி, F10 விசையை அழுத்திச் சேமித்திருக்கிறான். கணினி மறுபடி தொடங்கியது. திரை மட்டும் வரவில்லை.

இதைக் கேட்டவுடனேயே தாய்ப்பலகை சாகவில்லை என்ற நம்பிக்கை எனக்கு ஏற்பட்டது. நல்ல நிலையில் இருந்த பலகை, ஒரு தெரிவை மாற்றிச் சேமித்த அதே நொடியில் தற்செயலாகப் பழுதடைவது அரிது.

CSM என்பது என்ன என்பதை இவ்விடத்தில் சற்று விளக்க வேண்டும். கணினிக்கு மின்சாரம் கொடுத்ததும் முதலில் விழித்தெழுவது விண்டோஸ் அல்ல; தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் சிறிய நிரல்தான். முற்காலத்தில் அதை பயோஸ் என்றார்கள். இன்றைய பலகைகளில் யூ.ஈ.எஃப்.ஐ. என்ற புதிய முறை அதன் இடத்தைப் பிடித்திருக்கிறது. புதிய முறை வந்தபோதும் பழைய சாதனங்களைக் கைவிடாதிருக்க, பழைய பயோஸைப் போல நடிக்கும் ஒரு பகுதியையும் அதற்குள் வைத்தார்கள். அந்த நடிகருக்குப் பெயர்தான் CSM.

திரைக்குப் படம் அனுப்பும் அட்டைக்குள்ளும் அதற்கென ஒரு சிறு நிரல் இருக்கிறது. ஏறத்தாழ 2012ஆம் ஆண்டுக்கு முன்னர் வந்த திரை அட்டைகளில் பெரும்பாலானவற்றில் பழைய பயோஸ் மொழியில் எழுதிய நிரல் மட்டுமே உண்டு. CSM இயங்கும்வரை அந்த அட்டை பேசுவது தாய்ப்பலகைக்குப் புரியும். CSM நின்றுவிட்டால் இருவருக்குமிடையே மொழிபெயர்ப்பாளர் இல்லை. அட்டை பழுதடையவில்லை, பலகையும் பழுதடையவில்லை. ஒன்றுக்கொன்று பேச வழியின்றி நிற்கின்றன.

அண்ணையின் கணினியைத் திறந்து பார்த்தேன். பலகை 2018ஆம் ஆண்டளவில் வந்தது. அதில் இருந்தது ரைசன் 2600 என்ற செயலி. அந்தச் செயலிக்குச் சொந்தமாகப் படம் காட்டும் ஆற்றல் இல்லை. ஆகவே பலகையின் பின்புறத்தில் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தாலும் அதில் எதுவும் வராது. திரை அட்டையோ முன்பிருந்த கணினியிலிருந்து கழற்றிப் போட்ட பழையது; 2009ஆம் ஆண்டு வகையைச் சேர்ந்தது. எழுத்து வேலைக்கு இது போதும் என்று அப்போது யாரோ சிக்கனமாகச் செய்து கொடுத்திருக்கிறார்கள். CSM இருந்த வரைக்கும் அது போதுமானதாகத்தான் இருந்தது.

ஆனாலும் ஊகத்தை மட்டும் நம்பிக் கைவைக்கக்கூடாது. மின்சாரத்தைக் கொடுத்துக் கவனித்தோம். விசிறிகள் சீராகச் சுழன்றன. சுழன்று நின்று, மீண்டும் சுழன்று நிற்கும் தடுமாற்றம் இல்லை. பலகையின் ஓரத்தில் சிபியூ, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் இருந்தன. அவை ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து அணைய வேண்டும். எங்கே சிக்கலோ அங்கே விளக்கு எரிந்தபடி நிற்கும். முதல் இரண்டும் எரிந்து அணைந்தன. மூன்றாவதான விஜிஏ விளக்கு அணையாமல் நின்றது. செயலியும் நினைவகமும் சோதனையில் தேறிவிட்டன, திரை அட்டையிடம்தான் பதில் கிடைக்கவில்லை என்பது அதன் பொருள். செத்துப்போன பலகை இப்படி வரிசையாக வாக்குமூலம் கொடுக்காது. இந்த விளக்குகள் இல்லாத பலகைகளில், சிறிய ஒலிபெருக்கி இணைத்திருந்தால் பீப் ஒலிகள் அதே வேலையைச் செய்யும். ஒலிகளின் கணக்கு ஒவ்வொரு தயாரிப்புக்கும் வேறுபடும் என்பதால் கையேட்டைப் பார்த்தே பொருள்கொள்ள வேண்டும்.

பெறாமகன் ஒரு நல்ல கேள்வி கேட்டான். "மாமா, நினைவகத்தின் வேகத்தை ஒருமுறை கூட்டி வைத்தபோது கணினி மூன்று முறை தொடங்கப் பார்த்துவிட்டு, தானாகவே பழைய நிலைக்கு வந்தது. இப்போது ஏன் வரவில்லை?"

இதற்கான பதில் தெரிந்தால் இந்தப் பிரச்சினையின் அடிப்படையே விளங்கிவிடும். நினைவகத்தின் வேகம் அளவுக்கு மீறினால் கணினி தன் ஆரம்பச் சோதனையை முடிக்க முடியாமல் விழுந்துவிடுகிறது. விழுந்ததை அதுவே உணர்கிறது; ஆகையால் தானே பின்வாங்குகிறது. CSM நிறுத்தப்பட்ட நிலையில் அப்படி எதுவும் விழவில்லை. நீங்கள் கேட்டதை அது ஒழுங்காக நிறைவேற்றியிருக்கிறது. படம் வராதது நமக்கு மட்டுமே குறை. சில பலகைகள் இந்த நிலைமையைக் கண்டறிந்து CSM தெரிவைத் தாமாகவே மீண்டும் இயக்கிக்கொள்வதுண்டு. இந்தப் பலகை அப்படிச் செய்யவில்லை. எனவே வெளியிலிருந்து ஒருவர் அந்த அமைப்புகளை அழித்துக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

அமைப்புகள் எங்கே இருக்கின்றன? ஐ.பி.எம். நிறுவனத்தின் முதல் தனிநபர் கணினிகளில் பலகையிலிருந்த சிறு சுவிச்சுகளைத் தள்ளித்தான் அமைப்புகளைச் செய்தார்கள். 1984ஆம் ஆண்டில் அந்த நிறுவனம் வெளியிட்ட ஏ.ரி. என்ற கணினியில், மோட்டரோலா தயாரித்த ஒரு கடிகாரச் சில்லு இடம்பெற்றது. அதற்குள் 64 பைட்டுகள் கொண்ட நினைவகம் இருந்தது. அதில் 14 பைட்டுகள் கடிகாரத்தின் தேவைக்கு. எஞ்சிய 50 பைட்டுகளில் கணினியின் அமைப்புகள். மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரம் ஓட வேண்டுமல்லவா? அதற்காக ஒரு பற்றரி. மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சீமொஸ் என்ற தொழில்நுட்பத்தில் அந்தச் சில்லு செய்யப்பட்டிருந்ததால் அந்த நினைவகத்துக்கும் சீமொஸ் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இன்றைய பலகையில் அந்தச் சில்லு தனியாக இல்லை. பெரிய சில்லு ஒன்றுக்குள் அடங்கிவிட்டது. பற்றரி மட்டும் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறது. சி.ஆர்.2032 என்று பொறிக்கப்பட்ட, 20 மில்லிமீற்றர் விட்டமுள்ள, 3 வோல்ட் வலுவுடைய வெள்ளி நாணயம் போன்ற பற்றரி அது. நாம் தேடும் பின்கதவு பெரும்பாலும் அதன் அருகில்தான் இருக்கும்.

அண்ணைக்கு நான் முதலில் சொல்ல வேண்டியிருந்தது வேறொன்று. "அண்ணை, நீங்கள் எழுதியது வன்தட்டில் இருக்கிறது. நாங்கள் அழிக்கப்போவது தாய்ப்பலகையில் உள்ள சின்னக் குறிப்பேடு. இரண்டுக்கும் சம்பந்தமில்லை" என்றேன். அவர் முகம் சற்றே தெளிந்தது. ஆயினும், வன்தட்டு பிட்லொக்கர் என்ற பூட்டினால் மறைகுறியாக்கப்பட்டிருக்கிறதா என்று பெறாமகனிடம் விசாரித்துக்கொண்டேன். அப்படி இருந்தால், அமைப்புகளை அழித்தபின் விண்டோஸ் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்கலாம். அந்தச் சாவி கையில் இல்லாவிட்டால் வன்தட்டில் இருப்பது இருந்தும் இல்லாததாகிவிடும். ஆகவே சாவியை முதலில் தேடி எடுத்துவிட்டே பலகையில் கைவைக்க வேண்டும். மைக்ரோசொப்ட் கணக்கின் மூலம் கணினியைப் பயன்படுத்துவோர் பலருக்கு அந்தச் சாவி அக்கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். வேறொரு கணினியிலிருந்தோ கைத்தொலைபேசியிலிருந்தோ எடுத்துக்கொள்ளலாம். அண்ணையின் கணினியில் அந்தப் பூட்டு இல்லை.

பலகையின் மாதிரிப் பெயரை அதன் மீதே அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பெயரைக் கொண்டு கையேட்டைப் பெறாமகனின் மடிக்கணினியில் இறக்கிக்கொண்டோம். கையேட்டுக்குள் தேடுவதற்குத் தட்டச்சு செய்ய வேண்டிய சொல் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். CLR_CMOS என்று ஒருவர், CLRTC என்று இன்னொருவர், JBAT1 என்று வேறொருவர் பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஒன்றுதான். இந்தக் கையேட்டின் படம், பற்றரிக்கு அருகில் பலகையின் விளிம்பை ஒட்டி இரண்டு ஊசிகள் நிற்பதைக் காட்டியது.

முதலில் கணினியை நிறுத்தி, சுவரிலிருந்து மின்வடத்தையே கழற்றச் செய்தேன். இந்தப் படியைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். கணினி அணைந்திருந்தாலும் மின்வடம் செருகியிருக்கும்வரை பலகைக்கு 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். கடிகாரமும் அமைப்புகளும் அந்த மின்சாரத்திலேயே உயிர்வாழும். பற்றரியைக் கழற்றிப் பார்த்தும் பயனில்லை என்று சொல்வோரில் சிலர் மின்வடத்தைக் கழற்றாமல் பற்றரியை மட்டும் கழற்றியவர்களாகவே இருப்பார்கள். வடத்தைக் கழற்றியபின் முன்புற மின் பொத்தானைப் பத்து வினாடிகள் அழுத்திப் பிடிக்கும்படி பையனிடம் சொன்னேன். பலகையின் மின்தேக்கிகளில் தங்கியிருக்கும் மின்சாரம் அதனால் வடிந்துவிடும். பெட்டியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியையும் ஒருமுறை தொடச் சொன்னேன். உடலில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் சில்லுகளைத் தாக்காமல் இருப்பதற்காக.

பழைய பலகைகளில் இந்த இடத்தில் மூன்று ஊசிகள் இருக்கும். ஜம்பர் எனப்படும் சிறிய பிளாஸ்ரிக் தொப்பி, பெரும்பாலும் முதலாம் இரண்டாம் ஊசிகளை இணைத்தபடி இருக்கும். அதைக் கழற்றி இரண்டாம் மூன்றாம் ஊசிகளில் ஐந்து முதல் பத்து வினாடிகள் வரை வைத்து, பின்னர் பழைய இடத்திலேயே மாட்டிவிட வேண்டும். அண்ணையின் பலகையில் இருப்பது போன்ற இரண்டு ஊசிகளுக்குத் தொப்பி கிடையாது. சாதாரண நிலையில் அவை இணைக்கப்படாமலே நிற்கும். அவை இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரு சிறிய திருப்புளியின் முனையால் தொட்டுக்கொண்டு பத்து வினாடிகள் இருந்தால் போதும். பெறாமகனே அதைச் செய்தான். நான் கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு ஊசிகளையும் இணைக்கும்போது, கடிகாரப் பகுதிக்கு "உன் மின்சாரம் போய்விட்டது" என்ற செய்தி கிடைக்கிறது. அடுத்த முறை கணினி எழும்போது ஆரம்ப நிரல் அந்தச் செய்தியைக் கண்டு, சேமித்து வைத்திருந்த தெரிவுகளை நம்பாமல், தொழிற்சாலை கொடுத்த அமைப்புகளை எடுத்துக்கொள்கிறது.

இங்கே நேரக்கூடிய தவறுகள் இரண்டு. ஒன்று, வேறு ஊசிகளை இணைத்துவிடுவது. பக்கத்திலேயே யூ.எஸ்.பி. முதலியவற்றுக்கான ஊசிகள் இதே தோற்றத்தில் நிற்கும். கையேட்டின் படத்தையும் பலகையில் அச்சிட்டுள்ள பெயரையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே தொட வேண்டும். மற்றது, ஜம்பரை அழிக்கும் நிலையிலேயே விட்டுவிட்டு மின்சாரம் கொடுப்பது. அப்படிச் செய்தால் கணினி எழாது. சில பலகைகளுக்குச் சேதமும் வரலாம்.

அந்த ஊசிகள் எங்கும் இல்லாவிட்டால் அல்லது கையேடு கிடைக்காவிட்டால் பற்றரி வழி இருக்கிறது. மின்வடத்தைக் கழற்றி, மின் பொத்தானை அழுத்தி வடித்தபின், பற்றரியைப் பிடித்திருக்கும் சிறு கவ்வியை நகத்தால் தள்ளினால் அது மேலெழும். எழுத்துப் பொறித்த கூட்டல் முகம் மேல்நோக்கி இருந்ததை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிடங்கள் அளவில் வெளியே வைத்திருந்து திரும்பப் போடலாம். மின்தேக்கிகளில் எஞ்சிய மின்சாரம் கடிகாரத்தைச் சிறிது நேரம் தாங்கும் என்பதாலேயே இந்தக் காத்திருப்பு. பற்றரி ஐந்தாறு ஆண்டுகள் பழையதாயின் புதியதைப் போட்டுவிடுவதே நல்லது.

ஆனால் பற்றரி வழி எல்லாக் கணினிகளிலும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. 1984இன் 50 பைட்டுகளில் அடங்கிய அமைப்புகள் இன்று பல மடங்கு பெருகிவிட்டன. அவற்றில் பெரும்பகுதி, ஆரம்ப நிரல் பதிந்திருக்கும் அதே ஃபிளாஷ் சில்லிலேயே எழுதப்படுகிறது. அந்தச் சில்லுக்குப் பற்றரி தேவையில்லை. பற்றரியைக் கழற்றினாலும் அது எதையும் மறக்காது. மின்சாரம் போனதை ஆரம்ப நிரல் கவனித்து, தானாகவே பழைய தெரிவுகளை ஒதுக்கினால் மட்டுமே நமக்குப் பலன். மேசைக் கணினிகளின் பலகைகள் பொதுவாக அப்படிச் செய்கின்றன. மடிக்கணினிகளில் பல அப்படிச் செய்வதில்லை, கடவுச்சொற்களும் அழிவதில்லை. ஆகவே ஊசிகள் இருக்குமானால் அவற்றையே முதலில் நாட வேண்டும்.

இன்னோர் எல்லையும் உண்டு. அழித்தல் என்பது தொழிற்சாலை நிலைக்குத் திரும்புதல்தான்; நேற்றைய நிலைக்குத் திரும்புதல் அன்று. அண்ணையின் பலகையில் தொழிற்சாலை நிலையிலேயே CSM இயங்கும். அதனால் அழித்தல் பலித்தது. அண்மைக்காலப் பலகைகள் பலவற்றில் CSM தொழிற்சாலை நிலையிலேயே நிறுத்தப்பட்டிருக்கிறது. சிலவற்றில் அது அறவே இல்லை. அத்தகைய பலகையில் பழைய அட்டையைப் போட்டுவிட்டு ஆயிரம் முறை அழித்தாலும் திரை வராது. அங்கே செய்யக்கூடியது, புதிய அட்டை ஒன்றைச் சிறிது நேரம் இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பதுதான்.

திருப்புளியை எடுத்துவிட்டு, மின்வடத்தைச் செருகி, பொத்தானை அழுத்தினோம். உடனே ஒன்றும் வரவில்லை. அண்ணை என் முகத்தைப் பார்த்தார். அழித்தபின் வரும் முதல் தொடக்கம் மந்தமாகவே இருக்கும். நினைவகத்தை அது புதிதாக அளந்து பழக வேண்டும். ஒருமுறை அணைந்து மீண்டும் எழுவதும் உண்டு. அந்த நேரத்தில் பொறுமையிழந்து மின்சாரத்தை நிறுத்திவிடக்கூடாது. ஒரு நிமிடம் சென்றிருக்கும். விஜிஏ விளக்கு அணைந்தது. திரையில் பலகையின் சின்னம் தோன்றி, Press F1 to Run SETUP என்ற வரி வந்தது. அண்ணை கதிரையில் அமர்ந்துவிட்டார்.

வேலை அதோடு முடியவில்லை. அமைப்புகளுக்குள் சென்று முதலில் திகதியையும் நேரத்தையும் சரிசெய்தோம். கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தது. அப்படியே விட்டால், இணையத் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது என்று உலாவி மறுக்கும். புதிதாகச் சேமிக்கும் கோப்புகளிலும் பிழையான திகதி விழும். ஒப்புநோக்காளருக்கு இது பெரும் குறை அல்லவா! அடுத்து, வன்தட்டுகளின் வரிசையில் விண்டோஸ் உள்ள தட்டு முதலில் நிற்கிறதா என்று பார்த்தோம். வன்தட்டு இணைப்பு முறை AHCI என்று இருப்பதையும் உறுதிசெய்தோம். முன்னர் RAID முறையில் நிறுவப்பட்ட கணினியாக இருந்திருந்தால், இந்த ஒரு மாற்றமே விண்டோஸ் எழாமல் போவதற்குக் காரணமாகியிருக்கும். அந்தக் கணினியில் அப்படி இல்லை.

விண்டோஸ் எழுந்தது. இருநூறு பக்கங்களும் இருந்தன. வேறு எதையும் தொடுவதற்கு முன்னர் அவற்றை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து, இன்னொரு பிரதியைப் பெறாமகனின் மடிக்கணினியிலும் போட்டோம்.

தேநீர் வந்தது. பையன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் செய்ய நினைத்தது சரியான காரியமே, வரிசைதான் மாறிவிட்டது. CSM தெரிவை நிறுத்துவதற்கு முன்னர் இரண்டு விடயங்களை விண்டோஸுக்குள் இருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம் என்று அவனுக்குக் காட்டினேன். GPU-Z என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் அதன் முதற் பக்கத்தில் UEFI என்ற சிறு கட்டம் இருக்கிறது. அதில் அடையாளம் விழுந்திருந்தால் திரை அட்டைக்குப் புதிய மொழி தெரியும். அண்ணையின் அட்டைக்கு அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. சனிக்கிழமை இரவின் முழுக்கதையும் அந்த வெற்றுக் கட்டத்தில் இருந்தது.

இரண்டாவது, வன்தட்டு எந்த முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பது. msinfo32 என்ற கட்டளையைக் கொடுத்தால் வரும் பட்டியலில் BIOS Mode என்ற வரிக்கு எதிரே Legacy என்று இருந்தது. அதாவது அந்த விண்டோஸ் பழைய முறையில் நிறுவப்பட்டது. திரை அட்டை புதியதாக இருந்திருந்தாலும், CSM நின்றபின் இந்த வன்தட்டிலிருந்து விண்டோஸ் எழுந்திராது. ஆனால் அந்த நிலைமையில் திரை கறுப்பாக இராது; அமைப்புப் பக்கமோ ஒரு பிழைச் செய்தியோ தெரிந்திருக்கும். பலகையின் சின்னம்கூடத் தோன்றாத கறுப்புத் திரைக்கும், சின்னம் தோன்றி மறைந்தபின் வரும் கறுப்புத் திரைக்கும் இதுவே வேறுபாடு. பின்னையதற்கு ஊசிகளைத் தொடத் தேவையில்லை. F2 அல்லது Delete விசையை அழுத்தி உள்ளே சென்று தெரிவைத் திருப்பிவிடலாம்.

சில நாட்களின் பின்னர் UEFI அடையாளம் உள்ள பழைய அட்டை ஒன்று குறைந்த விலைக்குக் கிடைத்தது. அதை மாட்டி, பிரதிகள் பத்திரமாக இருப்பதை மீண்டும் ஒருமுறை பார்த்துவிட்டு, நிர்வாகி உரிமையுடன் திறந்த கட்டளைச் சாளரத்தில் பையன் பின்வரும் சோதனையைச் செய்தான்.

```
mbr2gpt /validate /allowFullOS
```

இது எதையும் மாற்றாது; வன்தட்டைப் புதிய முறைக்கு மாற்ற இயலுமா என்று மட்டும் சொல்லும். இயலும் என்று பதில் வந்தது. validate என்ற இடத்தில் convert என்று போட்டு மாற்றியபின்னரே CSM தெரிவை நிறுத்தினான். இம்முறை அமைப்புகளின் ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியால் முன்கூட்டியே படமெடுத்து வைத்திருந்தான். ஒரு நேரத்தில் ஒரு தெரிவு, சேமி, எழுகிறதா பார், பிறகு அடுத்தது. திரை வந்தது. Secure Boot, AMD fTPM ஆகிய இரண்டையும் அதன் பின்னர் ஒவ்வொன்றாக இயக்கினான்.

இதை வாசிப்போரில் எவருக்கேனும் இதேபோல் திரை இருண்டால், முதலில் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இருள்வதற்குச் சற்று முன்னர் யார் எதை மாற்றினார்கள்? அதற்கு ஒரு பதில் இருந்தால், மின்வடத்தைக் கழற்றிவிட்டு அந்த ஊசிகளைத் தேடுங்கள். எவரும் எதையும் மாற்றாமலே இருண்டிருந்தால், நினைவகத் தகட்டையும் திரை அட்டையையும் மின்வழங்கியையும் ஒவ்வொன்றாகச் சந்தேகியுங்கள். ஊசிகளால் அங்கே பெரும்பாலும் பயன் இராது.

அண்ணையின் நூல் இப்போது இருநூற்று நாற்பதாம் பக்கத்தைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பென் டிரைவில் பிரதி எடுக்கிறார்.